மேலாளரோடு நிற்க வேண்டிய துக்கச் செய்தி

பனமலை போன்ற ஊரில் ஒரு சாவை யாரும் மறைக்க முடியாது. மேளச் சத்தம் கேட்டதும் யார் வீடு என்று தெரு கேட்கும். வாசலில் பந்தல் விழும். மாலைக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடும். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள இந்த ஊரிலிருந்தும் இதைப் போன்ற நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்தும் தினமும் காலையில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் துக்கம் நிகழ்ந்தால் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும்போது சிலர் கூடுதலாக ஒன்று கேட்கிறார்கள்: ‘உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், கூட வேலை செய்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ நம் அலுவலகங்களில் இந்த வேண்டுகோள் விசித்திரமாகவே பார்க்கப்படுகிறது. ‘நாலு பேர் வந்து கேட்டால்தானே ஆறுதல்?’ என்று மேலாளரே திருப்பிக் கேட்பார். இந்த வேண்டுகோள் நியாயமானது, இதைக் காப்பாற்றுவது மேலாளரின் கடமை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பெரும்பாலான இடங்களில் இது கெட்ட எண்ணத்தால் உடைவதில்லை, அன்பினால் உடைகிறது. அதனால்தான் இதைக் கேட்கும் முறையிலும் காக்கும் முறையிலும் தனிக் கவனம் தேவைப்படுகிறது.

அன்பினால் உடைவது எப்படி என்பதற்குத் தமிழர்கள் எல்லோரும் பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. அது சாவு அல்ல, தாயின் உடல்நலக் குறைவு. ஆனாலும் ஒரு பணியாளர் தன் குடும்பத் துயரை நிறுவனத்திடம் சொல்லிவிட்டு விடைபெற்ற நிகழ்வு என்பதால் நம் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. 2024 பிப்ரவரி 16 அன்று ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ரவிச்சந்திரன் அஸ்வின் தன் 500-ஆவது விக்கெட்டை எடுத்தார். அன்றிரவே அணியிலிருந்து விலகிச் சென்னைக்குக் கிளம்பினார். கிரிக்கெட் வாரியம் வெளியிட்ட அறிக்கை நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தில் மருத்துவ அவசரம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு, என்ன நோய் என்பதெல்லாம் இல்லை. வீரரின், அவர் குடும்பத்தின் அந்தரங்கத்தை மதிக்குமாறும் கேட்டுக்கொண்டது. ஆனால் அதே வாரியத்தின் துணைத்தலைவர் ராஜீவ் சுக்லா, அஸ்வினின் தாயார் விரைவில் நலம்பெற வேண்டும், தாயுடன் இருப்பதற்காகவே அவர் சென்னை போகிறார் என்று தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் பதிவிட்டார். அறிக்கை மறைத்ததை வாழ்த்து வெளிப்படுத்திவிட்டது. அந்தப் பதிவில் தீங்கு எதுவும் இல்லை, அக்கறைதான் இருந்தது. இரண்டு நாளில் அஸ்வின் ஆட்டத்துக்குத் திரும்பினார். அந்த இரவு நடந்ததைப் பிறகு, தனக்குத் தோன்றிய நேரத்தில், தன் யூடியூப் பக்கத்தில் அவரே விரிவாகப் பேசினார். எப்போது, எந்த அளவுக்குச் சொல்வது என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்யும்போது அது எவ்வளவு வேறு மாதிரி அமைகிறது என்பதும் அங்கே தெரிந்தது.

நிறுவனம் முடிவெடுத்தும் ஒருவர் வாய் மீறிய இந்தக் கதை நம் ஊர் அலுவலகங்களில் இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் அங்கே துக்கத்துக்கென்றே பழகிப்போன வழிகள் இருக்கின்றன. ஒருவர் வீட்டில் சாவு என்றதும் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ வரிசையாக வந்து விழும். மாலை வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும். வேன் பிடித்து எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். சங்கம் இருந்தால் நிர்வாகிகள் தனியாக வருவார்கள். இவை எல்லாமே நல்ல பழக்கங்கள். பலருக்குப் பெரிய துணை. ஆனால் இவற்றுக்குத் தனி ஓட்டம் இருக்கிறது. ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கலந்துகொள்ளாதவர் மேல்தான் குறை வரும். ஆகவே மேலாளர் வாய் திறக்காமல் இருப்பது மட்டும் போதாது. எந்த ஓட்டம் தொடங்கக் கூடாது என்று அவர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பேச வேண்டாம் என்று ஒருவர் ஏன் கேட்கிறார்? பல சமயம் சாவின் காரணம் அப்படி. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் கொன்றது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. சாராயம் குடித்துச் செத்தவர்களுக்குப் பத்து லட்சமா என்ற விவாதம் தொலைக்காட்சியில் தொடங்கி டீக்கடை வரை போனது. அந்த வாரங்களில் தகப்பனை அப்படிப் பறிகொடுத்த ஒருவர் திண்டிவனத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தால், மதிய சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பேச்சின் நடுவே உட்கார வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தற்கொலைச் சாவும் அப்படித்தான். ‘என்ன ஆச்சு?’ என்ற எளிய கேள்விக்கே அங்கே பதில் கிடையாது. சாதி மாறித் திருமணம் செய்ததால் பிறந்த வீட்டோடு உறவு அறுந்துபோன பெண்ணின் தாய் இறக்கலாம், ‘எடுக்கப் போனியா?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? திருமணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர் இறக்கலாம். அலுவலகத்துக்கு அந்த உறவே தெரிந்திருக்காது. ஊர் அங்கீகரிக்காத இத்தகைய துக்கங்களைக் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் ஒரு நூலாகவே தொகுத்தார். துக்கப்படும் உரிமையே மறுக்கப்பட்டவர்கள் என்று அவர்களைப் பற்றிப் பேசினார்.

காரணம் எதுவுமே இல்லாமலும் ஒருவர் இதைக் கேட்கலாம். அதுதான் பலருக்குப் புரிவதில்லை. வயது முதிர்ந்து இயல்பாக இறந்த தாய்க்காகக்கூட ஒருவர், அலுவலகத்தில் யாரும் பேச வேண்டாம் என்று சொல்லலாம். பனமலையில் அவர் வீட்டில் காரியம் முடியும்வரை உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் கடைசி நாளின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அலுவலகம்தான் அந்தக் கதை இல்லாத ஒரே இடம். நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நினைத்து அழுவதற்கும், அதை விட்டு விலகி அன்றாட வேலைகளில் ஈடுபடுவதற்கும் நடுவே மாறிமாறிப் போய்வருகிறார். அந்த விலகலும் ஆறுவதன் ஒரு பகுதிதான் என்றார்கள். எட்டு மணி நேரம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்குத் தப்பித்தல் அல்ல, இளைப்பாறல். அந்த நேரத்தில் பக்கத்து மேசையிலிருந்து வரும் இரக்கப் பார்வை அவரை மறுபடி சாவு வீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

இனி இதைக் கேட்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ‘யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்பது ஒரு வேண்டுகோள். ‘தெரிந்தாலும் என்னிடம் பேச வேண்டாம்’ என்பது வேறொன்று. கேட்பவர் இரண்டையும் கலந்து சொல்கிறார், மேலாளர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார். பிறகு என்ன நடக்கும்? பணியாளர் திரும்பி வருவதற்கு முதல்நாள் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, ‘அவர் தம்பி இறந்துட்டார், யாரும் அதைப் பற்றிக் கேட்காதீங்க’ என்று அறிவிப்பார். பேச வேண்டாம் என்ற வேண்டுகோளை நிறைவேற்றப் போய், தெரிய வேண்டாம் என்றதை உடைத்துவிடுவார். மறுநாள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவர் உள்ளே நுழைந்ததும் அறை அமைதியாகிவிடும். எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதுவே வேறு வடிவில் வந்து நிற்கும். எனவே எந்த வேண்டுகோள் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சாவு இன்னும் வெளியே தெரியவில்லை என்றால் முதலாவது சாத்தியம். போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, அதே ஊரிலிருந்து இன்னொருவரும் அங்கே வேலை செய்கிறார் என்றால் இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கருக்கலைந்த பெண்ணின் நிலையும் அதுதான். ஐந்தாம் மாதம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வளைகாப்பு எப்போது என்று அடுத்து ஒருவர் கேட்பதற்குமுன் மேலாளர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் யார் யாரிடம் சொல்வது, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பனமலையிலிருந்து திண்டிவனத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு வேலைக்குப் போகும் ஒருவரின் தம்பி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அன்றே எழுத்திலும் அனுப்புவது நல்லது, ஏனென்றால் அழுகைக்கு நடுவே சொன்னதில் பாதிதான் கேட்பவர் நினைவில் நிற்கும். குழுவில் போடாமல், மேலாளரின் தனி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி இப்படி இருக்கலாம்: ‘ஐயா, என் தம்பி நேற்று இரவு இறந்துவிட்டார். இன்று முதல் வெள்ளிக்கிழமை வரை விடுப்பு வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நாள் தனியாகக் கேட்பேன். இந்தச் செய்தி உங்களோடும் விடுப்பைப் பதிவு செய்பவரோடும் நிற்கட்டும். மற்றவர்கள் கேட்டால், சொந்தக் காரியமாக விடுப்பில் இருக்கிறார், திங்கள்கிழமை வருவார் என்று மட்டும் சொல்லுங்கள். குழுவில் இரங்கல், மாலை, வசூல், வீட்டுக்கு வருவது எதுவும் வேண்டாம். யாருக்காவது வேறு வழியில் தெரிந்திருந்தால், என்னிடம் அதைப் பேச வேண்டாம் என்று அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். எனக்குப் பேசத் தோன்றினால் நானே வந்து சொல்கிறேன்.’

இந்தச் செய்தியில் மிக முக்கியமான வரி, மற்றவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய பதில். அது இல்லாவிட்டால் மேலாளர் தடுமாறுவார். ‘அது... ஒரு விஷயமா போயிருக்கார்’ என்று இழுப்பார், அந்த இழுப்பிலேயே ஊகம் பிறக்கும். அந்தப் பதில் பொய்யாக இருக்கவும் கூடாது. காய்ச்சல் என்று சொல்லிவைத்தால் திரும்பி வந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று பத்துப் பேர் விசாரிப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டிவரும். சொந்தக் காரியம் என்பது உண்மை; அதற்குமேல் போகாத உண்மை. கடைசி வரியும் வேண்டியதுதான். அது இல்லையென்றால் மேலாளர் அவரைப் பார்ப்பதையே தவிர்க்கத் தொடங்குவார். பேச்சு வேண்டாம் என்றவர் தனிமை கேட்டதாக ஆகிவிடக் கூடாது.

யாரோடு நிற்க வேண்டும் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இறந்தவர் தம்பி என்றால் விடுப்பைப் பதிவு செய்பவரோடு நிறுத்தலாம். கணவனோ மனைவியோ இறந்தால் முடியாது. வருங்கால வைப்பு நிதியின் வாரிசு நியமனத்தை மாற்ற வேண்டும், இ.எஸ்.ஐ அட்டையில், குழுக் காப்பீட்டில் குடும்ப விவரத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் இன்னொரு மேசையைக் கடந்து போகும். இவற்றில் எதுவும் முதல் வாரத்திலேயே முடிய வேண்டியதில்லை. எந்த மேசைக்கு எப்போது போகும் என்பதை மேலாளர் முன்பே சொல்லிவிட்டால், திடீரென்று ஒரு எழுத்தர் வந்து ‘ஐயோ, எப்போ ஆச்சு?’ என்று கேட்கும் நிலை வராது. வேலையின் தன்மையும் ஒரு வரம்பு வைக்கிறது. பேருந்து ஓட்டுநர், இயந்திரத்தில் நிற்பவர், இரவுப்பணிச் செவிலியர் போன்றவர்கள் தூக்கமின்றித் திரும்பினால் மற்றவர் உயிரும் ஆபத்தில் இருக்கிறது. பணிமுறை போடுபவருக்கு அப்போது தகவல் போயாக வேண்டும். அவருக்குக்கூட ‘இந்த வாரம் இரவுப்பணி கொடுக்காதீர்கள்’ என்பது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் தனியார் ஊழியருக்குத் துக்க விடுப்பு என்று பொதுவான சட்டம் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு தருகிறது. நியாயமான காரணம் இருந்தால் போதும். அந்த விடுப்பைத்தான் பெரும்பாலோர் சாவுக்கு எடுக்கிறார்கள். மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது. அந்தரங்கம் என்று பார்த்தால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தாலும் கணினியில் பதிவான விடுப்புக் காரணத்தைக் காக்குமே தவிர, தேநீர் இடைவேளைப் பேச்சைத் தொடாது. இன்னொரு சட்டம் பலர் கவனிக்காதது. சாவுக்கு ஆதாரம் கேட்கும் நிறுவனங்கள் இறப்புச் சான்றிதழை வாங்குகின்றன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969, அதன் 17-ஆம் பிரிவில், பதிவேட்டிலிருந்து யாருக்குக் கொடுக்கும் நகலிலும் சாவின் காரணம் இடம்பெறக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சொந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கும் சான்றிதழிலேயே காரணத்தை எழுதக் கூடாது என்று சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. விடுப்புக்காகச் சாவின் காரணத்தைக் கேட்க எந்த மேலாளருக்கும் தேவை இல்லை.

இந்த வாதத்துக்கு எதிராக வரும் கேள்விகளில் கனமானது, துக்கம் கேட்பது நம் மரபு, அதை மறுப்பது உறவையே மறுப்பது என்பது. மரபை முழுதாகப் பார்த்தால் அதிலேயே பதில் இருக்கிறது. துக்கம் கேட்கும் இடம் சாவு வீடு. அதற்குக் காலமும் உண்டு. காரியம் முடிந்தபின் அது முடிகிறது. பேச்சுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று யாரும் சொல்வதில்லை, சொல்லாமலே எழுந்து போகிறார்கள். துக்கத்தின் எதிரே எதைச் சொல்லக் கூடாது என்பதை இவ்வளவு நுட்பமாக வகுத்த ஒரு சமூகம், அலுவலக வராந்தாவில் ஒருவரை நிறுத்தி வைத்து எப்படிச் செத்தார் என்று கேட்பதையும் மரபு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அவர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது நாங்கள்தானே, காரணம் தெரிய எங்களுக்கு உரிமை இல்லையா என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்கலாம். அவர்களுக்குத் தெரிய வேண்டியவை உண்டு: எத்தனை நாள் வரமாட்டார், எந்த வேலை யாருக்கு வருகிறது, கெடுவைத் தள்ளிவைக்க முடியுமா என்பவை. இவற்றை மேலாளர் தயங்காமல் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். சொல்லாதபோதுதான் காரணத்தைத் தேடும் எரிச்சல் வருகிறது.

அடக்கிவைத்த துக்கம் பிறகு உடைத்துக்கொண்டு வரும் என்ற கவலையும் உண்மையானது. ஆனால் இங்கே யாரும் துக்கத்தை அடக்கச் சொல்லவில்லை. வீட்டில், உறவினரிடம், நண்பரிடம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அவர் பேசலாம். அலுவலகத்தில் மட்டும் வேண்டாம் என்கிறார். மேலாளர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு: சில வாரங்கள் கழித்தும் எளிய கணக்குகளில் தொடர்ந்து தவறுவது, அடிக்கடி சொல்லாமல் வராமல் போவது, எல்லோரிடமிருந்தும் ஒதுங்கிப் போவது. அப்போது தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ‘வேலையில் ஏதாவது குறைத்துத் தரட்டுமா?’ என்று கேட்பது வாக்கை மீறியதாகாது. இறப்பைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்கிற அந்தக் கேள்விக்கு, விரும்பினால் அவரே மற்றதையும் சொல்வார்.

பிரிட்டனில் தொழிலுறவு அமைப்பான ஏகாஸ், ஒருவர் துக்கச் செய்தி சொன்னதும் அதை மற்றவர்களிடம் சொல்ல அவர் விரும்புகிறாரா என்று கேட்குமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்துகிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, புதிய சட்டமும் தேவையில்லை. தமிழ்நாட்டில் விடுப்பு விண்ணப்பம் வாங்குகிற ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரும், கடை உரிமையாளரும், மேலாளரும், துறை அதிகாரியும் காரணம் எழுதும் இடத்துக்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும்: ‘இதை யாரிடம் சொல்லலாம்?’ அதற்கு ஒருவர் ‘யாரிடமும் வேண்டாம்’ என்று எழுதினால், விளக்கம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.